ஐஸ் உருகினால் பால் உறையும்

ஆங்கிலத்தில் வரும் சிறுவர் அறிவியல் நூல்களில் அடிக்கடி தென்படும் சமையலறைச் சோதனை ஒன்று உண்டு. பாலில் சர்க்கரை கலந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் பையில் ஊற்றி இறுக மூட வேண்டும். பெரிய பை ஒன்றில் ஐஸ் கட்டிகளையும் உப்பையும் போட்டு, சின்னப் பையை அதற்குள் வைத்து, ஐந்து பத்து நிமிடம் குலுக்க வேண்டும். திறந்து பார்த்தால் பால் ஐஸ்கிரீமாகியிருக்கும். எந்தப் பிள்ளைக்கும் பிடிக்கும் சோதனை, ஏனென்றால் முடிவைச் சாப்பிடலாம்.

இதைத் தமிழில் எழுதுவது அரை மணி நேர வேலை என்றுதான் முதலில் தோன்றும். பத்துப் பன்னிரண்டு வாக்கியங்கள், அவ்வளவுதானே! ஆனால் கதையை மொழிபெயர்ப்பதற்கும் சோதனையை மொழிபெயர்ப்பதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. கதையில் ஒரு பொருள் புரியாவிட்டால் பிள்ளை அதைத் தாண்டிப் போய்விடும். சோதனையில் ஒரு பொருள் கிடைக்காவிட்டால், அல்லது அளவு மாறிப்போனால், பால் பாலாகவே இருக்கும். வாக்கியம் சரியாக இருந்து ஐஸ்கிரீம் வராவிட்டால் அந்த மொழிபெயர்ப்பால் யாருக்கும் பயனில்லை.

இந்தக் குறிப்பின் அமெரிக்க வடிவத்தில் முதல் முட்டுக்கட்டை பாலிலேயே வந்துவிடுகிறது. அங்கே கடையில் பாதிப் பால், பாதி கிரீம் என்று கலந்த ஒன்றைப் புட்டியில் விற்கிறார்கள். காபியில் ஊற்றிக்கொள்வதற்கானது அது. அதில் கொழுப்பு சுமார் 10 முதல் 18 சதவீதம் வரை இருக்கும். நம் ஊரில் அந்தப் பொருள் கிடையாது. 'பால்' என்று மட்டும் எழுதிவிட்டால், வீட்டில் நீல நிறப் பாக்கெட்டைப் பிரித்து ஊற்றுவார்கள். அதில் கொழுப்பு 3 சதவீதம்தான். உறையத்தான் செய்யும், ஆனால் வருவது ஐஸ்கிரீமாக இருக்காது, நறநறவென்ற பால் ஐஸாக இருக்கும். 6 சதவீதக் கொழுப்புள்ள பால் 100 மில்லியும், கடையில் அட்டைப் பெட்டியில் கிடைக்கும் ஃப்ரெஷ் கிரீம் 50 மில்லியும் சேர்த்தால் கணக்கு நேராகிறது. கிரீமில் கொழுப்பு 25 சதவீதம் என்று பெட்டியிலேயே போட்டிருக்கும். பாலிலிருந்து 6 கிராம், கிரீமிலிருந்து பன்னிரண்டரை கிராம், ஆக 150 மில்லியில் பதினெட்டரை கிராம். சதவீதத்தில் 12-ஐத் தாண்டுகிறது. மூலத்தில் சொன்ன எல்லைக்குள் வந்துவிட்டோம்.

அடுத்தது உப்பு. இதில் நமக்கு அதிர்ஷ்டம். அமெரிக்கக் குறிப்பு கேட்கும் பெரிய பரல் உப்பை அங்கே தனியாகத் தேடி வாங்க வேண்டும். நம் வீட்டில் அது ஜாடி நிறையக் கல்லுப்பாக இருக்கிறது. தூள் உப்பிலும் சோதனை நடக்கும். ஆனால் அது சீக்கிரம் கரைந்து கீழே இறங்கிவிடும். கல்லுப்பு ஐஸ் இடுக்குகளில் தங்கி மெல்ல மெல்லக் கரைவதால் குளிர்ச்சி நின்று நிலைக்கும்.

சிக்கல் அளவில் இருக்கிறது. அமெரிக்கர்கள் எல்லாவற்றையும் 'கப்'பால் அளப்பார்கள். அவர்களுடைய கப் சுமார் 240 மில்லி. நம் வீட்டு டம்ளர் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு. போகட்டும், 240 மில்லி கப் ஒன்றையே தேடிப் பிடித்தாலும், உப்பைக் கொள்ளளவால் அளப்பதே ஆபத்தான விஷயம். பரல் எவ்வளவு பெரியது, இடையில் எவ்வளவு காற்று என்பதைப் பொறுத்து, ஒரு கப் உப்பின் எடை ஏறக்குறைய இரண்டு மடங்கு வரை மாறும். பொடி உப்பு நெருங்கி உட்காரும், பரல் உப்பு இடைவெளி விட்டு நிற்கும். ஆகவே உப்பையும் ஐஸையும் எடையில் சொல்லிவிடுவதுதான் நல்லது. ஒரு கிலோ கல்லுப்புப் பாக்கெட்டில் கால் பங்கு என்றால் தராசே தேவையில்லை, எந்தப் பிள்ளைக்கும் புரியும்.

பை விஷயத்தில்தான் நான் மூலத்தை விட்டு விலகுவேன். அந்தச் சோதனைக்கென்றே பொருத்தமான, அழுத்தி மூடும் கனத்த பைகள் அங்கே எல்லா வீட்டிலும் இருக்கின்றன, சின்னதும் பெரியதுமாக. இங்கே கிடைக்கும் மெல்லிய பைகளைப் பத்து நிமிடம் ஐஸோடு சேர்த்துக் குலுக்கினால், ஐஸின் கூர்முனை பட்டு எங்காவது கிழியும். உப்புத் தண்ணீர் பாலுக்குள் புகுந்துவிட்டால் அந்தப் பாலைக் கொட்டத்தான் வேண்டும். நம் அலமாரியிலேயே இதற்கு ஏற்ற பாத்திரம் இருக்கிறது, மூடி போட்ட சின்ன எவர்சில்வர் தூக்கு. அரை லிட்டர் பிடிக்கும் தூக்கு போதும். வெளியே ஒரு பிளாஸ்டிக் வாளி.

பாத்திரத்தை மாற்றினால் செய்முறையும் மாறும் என்பதைச் சேர்த்தே யோசிக்க வேண்டும். பை தட்டையானது. அதற்குள் பால் மெல்லிய படலமாகப் பரவியிருக்கும். இரு பக்கமும் ஐஸ் உரசும். குலுக்குவதே கிளறுவதும் ஆகிவிடும். தூக்கில் பால் உருளையாக நிற்கும். சுவரை ஒட்டிய பால் முதலில் உறைந்து ஒட்டிக்கொள்ளும், நடுவில் பால் பாலாகவே இருக்கும். ஆகவே இடையிடையே திறந்து சுவரைக் கரண்டியால் சுரண்டி நடுவுக்குத் தள்ள வேண்டும். ஐந்து பத்து நிமிட வேலை இருபது முப்பது நிமிடம் ஆகும். 1843-இல் அமெரிக்காவில் நான்சி ஜான்சன் என்ற பெண்மணி காப்புரிமை பெற்ற கைச்சுழற்சி ஐஸ்கிரீம் எந்திரமும் அடிப்படையில் இதுதான். உப்பும் ஐஸும் நிரம்பிய மரத்தொட்டி, நடுவில் உலோகப் பாத்திரம், அதைக் கிளறி வழிக்க ஒரு துடுப்பு, சுற்ற ஒரு கைப்பிடி. தூக்கின் கைப்பிடியைப் பிடித்து இடமும் வலமுமாகத் திருப்பும் பிள்ளை அந்த எந்திரத்தைத்தான் கையால் ஓட்டுகிறது.

மூலத்தில் 'கையுறை போட்டுக்கொள்' என்று ஒரு வரி வரும். பனிக்காலக் கம்பளிக் கையுறை அங்கே வீட்டுக்கு வீடு இருக்கும். நம் பிள்ளையிடம் அது இருக்காது, அதனால் அந்த வரியை விட்டுவிடலாம் என்று தோன்றினால் அது பெரிய தவறு. குறிப்பு முழுவதிலும் விடவே கூடாத வரி அதுதான். உப்பு போட்ட ஐஸ் சாதாரண ஐஸை விடப் பல டிகிரி குளிர்ந்தது. வெறுங்கையால் சில நிமிடம் அழுத்திப் பிடித்தால் தோல் வெந்ததுபோலப் புண்ணாகிவிடும். தோல்மேல் உப்பும் ஐஸும் வைத்து யார் அதிக நேரம் தாங்குகிறார்கள் என்று பந்தயம் கட்டிக் காயப்பட்ட சிறுவர்கள் மேல்நாடுகளில் உண்டு. கையுறைக்குப் பதில் தடித்த துண்டு. அதையும் காரணத்தோடு சொல்ல வேண்டும்.

இத்தனையும் முடிந்தபின் பிள்ளைக்குச் சொல்லும் பகுதி இப்படி வரும்:

"முந்தின நாள் இரவே ஃப்ரீசரில் தண்ணீர் வைத்து ஒரு கிலோ ஐஸ் கட்டிகள் செய்துகொள்ளுங்கள். 100 மில்லி கெட்டிப் பாலைக் காய்ச்சி ஆறவைத்து, அதில் 50 மில்லி ஃப்ரெஷ் கிரீம், நான்கு தேக்கரண்டி சர்க்கரை, இரண்டு சொட்டு வெனிலா எசென்ஸ் சேர்த்துக் கரைத்து, ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரம் வையுங்கள். பிறகு அதை எவர்சில்வர் தூக்கில் ஊற்றி இறுக மூடுங்கள். ஐஸைத் துணியில் சுற்றிப் பெரியவர் ஒருவரைக் கொண்டு தட்டி, நெல்லிக்காய் அளவு துண்டுகளாக்கி, பத்து நிமிடம் வெளியே வையுங்கள். துண்டுகள் ஈரமாக மின்ன வேண்டும். வாளியின் அடியில் கொஞ்சம் ஐஸ் பரப்பித் தூக்கை நடுவில் வையுங்கள். சுற்றிலும் ஒரு கை ஐஸ், மேலே கொஞ்சம் கல்லுப்பு, மறுபடி ஐஸ், மறுபடி உப்பு என்று அடுக்கிக்கொண்டே வாருங்கள். மொத்தம் கால் கிலோ உப்பு. ஐஸ், பால் இருக்கும் உயரத்தைத் தாண்டலாம், தூக்கின் மூடியைத் தொடக் கூடாது. துண்டால் கைப்பிடியைப் பிடித்து இடமும் வலமுமாகத் திருப்புங்கள். நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை, மூடியைச் சுற்றி ஈரத்தைத் துடைத்துவிட்டுத் திறந்து, சுவரில் ஒட்டியதைக் கரண்டியால் வழித்துக் கலக்குங்கள். கரண்டி நிமிர்ந்து நிற்கும் பதம் வந்தால் ஐஸ்கிரீம் தயார். வாளியில் இருக்கும் ஐஸைக் கையால் அள்ளாதீர்கள், தோலில் புண் வரும்."

கடைசியில் திறப்பதற்கு முன் மூடியையும் கழுத்தையும் கொஞ்சம் குளிர்ந்த நீரால் கழுவ வேண்டும் என்பதையும் சேர்த்துவிடுங்கள். விளிம்பில் தங்கிய ஒரு சொட்டு உப்புநீர் போதும், முழு உழைப்பும் கரித்துப்போகும்.

செய்முறை இதோடு சரி. உண்மையான கஷ்டம் 'ஏன்' என்ற இடத்தில் தொடங்குகிறது.

ஆங்கில மூலங்களில் பெரும்பாலும் விளக்கம் ஒரு வரியில் முடிந்துவிடும். உப்பு, நீரின் உறைநிலையைக் குறைக்கிறது என்பார்கள். கூடவே, பனிக்காலத்தில் சாலையில் லாரிகள் உப்பு தூவுவது இதனால்தான் என்று ஓர் உதாரணமும் இருக்கும். அந்த உதாரணம் கன்னியாகுமரிப் பிள்ளைக்கு எதையும் விளக்காது. இன்னொரு குறையும் உண்டு. சாலையில் உப்பு போடுவது பனியை உருக்குவதற்கு. இங்கே பால் உறைகிறது. ஒரே உப்பு ஒரிடத்தில் உருக்கி இன்னோரிடத்தில் உறைய வைக்கிறதா? கூர்மையான பிள்ளை இதைக் கேட்டே தீரும். "உப்பு போட்டா ஐஸ் உருகுதே, அப்போ சூடாத்தானே ஆகணும், எப்படிம்மா இன்னும் சில்லுனு ஆகுது?" உறைநிலை குறைகிறது என்ற வரி இதற்குப் பதில் இல்லை. நடந்ததற்கு வைத்த பெயர், அவ்வளவுதான்.

பதில் சொல்ல, உப்பு போடாத ஐஸிலிருந்து தொடங்க வேண்டும். ஃப்ரீசரிலிருந்து எடுத்து வெளியே வைத்த ஐஸ் கொஞ்ச நேரத்தில் ஈரமாகிறது. அந்த ஈரமும் ஐஸும் சேர்ந்து இருக்கும்வரை வெப்பநிலை 0 டிகிரி செல்சியஸில் நின்றுவிடும். வெளிப்பார்வைக்கு ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். ஆனால் ஐஸின் மேற்பரப்பில் ஓயாத போக்குவரத்து நடந்துகொண்டிருக்கிறது. நீர் மூலக்கூறுகள் சில ஐஸின் பிடியிலிருந்து கழன்று தண்ணீரில் சேர்கின்றன. தண்ணீரில் உள்ள வேறு சில வந்து ஐஸில் ஒட்டிக்கொள்கின்றன. கல்யாணப் பந்தியில் சாப்பிட்டு எழுபவர்களும் வந்து உட்காருபவர்களும் ஒரே வேகத்தில் இருந்தால் இலைகள் எப்போதும் நிரம்பியே தெரியும் அல்லவா, அதுபோலத்தான். 0 டிகிரியில் கழல்வதும் ஒட்டுவதும் சமம்.

இப்போது உப்பு வருகிறது. ஐஸின் மேலுள்ள மெல்லிய ஈரத்தில் உப்பு கரைகிறது. கரைந்ததும் அது சோடியம், குளோரைடு என்ற துகள்களாகப் பிரிந்து தண்ணீர் முழுதும் பரவிவிடும். ஐஸில் மூலக்கூறுகள் ஒழுங்கான வரிசையில் பிணைந்திருப்பதால் இந்தத் துகள்களுக்கு அங்கே இடம் கிடையாது. ஆனால் தண்ணீரில் அவை இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. பந்தி வாசலில் சாப்பிட வராத கூட்டம் வந்து நின்றுகொண்டால் என்ன ஆகும்? உள்ளே எழுபவர்கள் அதே வேகத்தில் எழுவார்கள், உட்கார வருபவர்கள் குறைந்துபோவார்கள். ஐஸிலிருந்து கழல்வது குறையவில்லை, வந்து ஒட்டுவது குறைந்துவிட்டது. கணக்கு ஒரு பக்கமாகச் சாய்கிறது. ஐஸ் கரையத் தொடங்குகிறது.

இனிதான் முக்கியமான இடம். ஐஸின் பிடியிலிருந்து ஒரு மூலக்கூறு சும்மா கழன்று வராது. பிணைப்பை அறுக்க ஆற்றல் வேண்டும். 0 டிகிரி ஐஸ் ஒரு கிராம், அதே 0 டிகிரித் தண்ணீராக மாற 80 கலோரி வெப்பம் தேவை. பள்ளிப் புத்தகத்தில் இதை உள்ளுறை வெப்பம் என்பார்கள். இது கொஞ்ச நஞ்சமல்ல. அதே 80 கலோரியைக் கொண்டு ஒரு கிராம் தண்ணீரை 0 டிகிரியிலிருந்து 80 டிகிரிவரை சூடாக்கிவிடலாம். அடுப்பில் வைத்திருந்தால் இந்த வெப்பத்தை நெருப்பு கொடுக்கும். வாளிக்கடியில் நெருப்பு இல்லை. ஆகவே உருகும் ஐஸ், தன்னைத் தொட்டுக்கொண்டிருக்கும் எல்லாவற்றிடமிருந்தும் வெப்பத்தைப் பிடுங்குகிறது. பக்கத்திலுள்ள உப்புநீர், மீதமுள்ள ஐஸ், தூக்கின் எவர்சில்வர் சுவர், அதன் வழியாக உள்ளே இருக்கும் பால் என்று எதையும் விடுவதில்லை. வெப்பத்தை இழந்தது எல்லாம் குளிர்கிறது.

பிள்ளையின் கேள்விக்குப் பதில் இதுதான். உருகுவது என்றால் சூடாவது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம், ஏனென்றால் நாம் பார்த்த உருகல் எல்லாம் வெளியிலிருந்து சூடு வந்ததால் நடந்தவை. இங்கே சூடு வரவில்லை. உப்பு கட்டாயப்படுத்தி உருக வைக்கிறது. உருகுவதற்கான செலவை அக்கம்பக்கம் ஏற்கிறது.

இப்படி எவ்வளவு தூரம் போகும்? வெப்பநிலை இறங்க இறங்க மூலக்கூறுகள் கழலும் வேகமும் குறைந்துகொண்டே வரும். ஏதோ ஒரு வெப்பநிலையில் போவதும் வருவதும் மறுபடி சமமாகிவிடும். தண்ணீரில் உப்பு எவ்வளவு அதிகமோ அந்த நிறுத்தம் அவ்வளவு கீழே. ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. நூற்றுக்கு 23 பங்கு உப்புள்ள கரைசலில் அது சுமார் மைனஸ் 21 டிகிரி. அதற்கு மேல் மூட்டையாக உப்பைக் கொட்டினாலும் சாதாரண உப்பால் இன்னும் கீழே போக முடியாது. வீட்டு வாளியில் அந்த அடிமட்டம்வரை போவது அரிது. மைனஸ் 10, மைனஸ் 15 என்பது எளிதில் கிடைக்கும், நம் வேலைக்கு அது ஏராளம்.

ஏன் 0 டிகிரி ஐஸ் மட்டும் போதாது என்பதற்கும் விடை இதிலேயே இருக்கிறது. பாலும் சுத்தத் தண்ணீர் அல்ல. அதில் பால் சர்க்கரை, தாது உப்புகள், நாம் போட்ட சர்க்கரை எல்லாம் கரைந்திருக்கின்றன. வாளியில் உப்பு செய்யும் அதே வேலையை அவை தூக்குக்குள் செய்கின்றன. நம் கலவை உறையத் தொடங்கவே மைனஸ் 1, மைனஸ் 2 டிகிரியாவது வேண்டும். முதலில் உறைவது அதிலுள்ள தண்ணீர்தான். தண்ணீர் பிரிந்து ஐஸாக ஆக, மிச்சமுள்ள திரவத்தில் சர்க்கரை கெட்டிப்படும், அதை உறைய வைக்க இன்னும் குளிர்ச்சி வேண்டும். மைனஸ் 5-க்குப் பக்கத்தில் வந்தால்தான் கரண்டி நிற்கும். 0 டிகிரி ஐஸை ஒரு லாரி நிறையக் கொண்டுவந்து சுற்றிலும் கொட்டினாலும் பால் 0-க்குக் கீழே இறங்காது.

இதைக் கணக்காகவும் பார்த்துவிடலாம். நம் 150 மில்லிக் கலவையில் தண்ணீர் மட்டும் சுமார் 120 கிராம். அதில் 90 கிராம் உறைய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கிராமுக்கு 80 கலோரி வீதம் 7,200 கலோரியை அதிலிருந்து எடுக்க வேண்டும். ஃப்ரிட்ஜிலிருந்து வந்த பாலை 10 டிகிரியிலிருந்து மைனஸுக்கு இறக்க இன்னும் 1,500 கலோரி போல. மொத்தம் 8,700. இதைக் கொள்ள 110 கிராம் ஐஸ் உருகினால் போதும். வாளியில் ஒரு கிலோ இருக்கிறது. மிச்சமெல்லாம் எதற்கு என்றால், உப்புநீரையும் வாளியையும் குளிர்விக்கவும், நம் ஊர்க் காற்றின் சூட்டைச் சமாளிக்கவும்தான். ஐஸின் அளவு இந்தச் சோதனையில் பிரச்சினையே அல்ல. எந்த வெப்பநிலையில் அது உருகுகிறது என்பதுதான் எல்லாமும்.

உப்பு தண்ணீரில் கரைவதும் கொஞ்சம் வெப்பத்தை இழுக்கும் என்பது உண்மை. சில நூல்கள் அதையே காரணமாகச் சொல்லிவிடுகின்றன. ஒரு கிராம் உப்பு கரைய 16 கலோரி போலத்தான் செலவு. ஐஸின் 80 கலோரிக்கு முன் அது சில்லறை. ஐஸ் இல்லாத வெறும் தண்ணீரில் உப்பைக் கொட்டிக் கலக்கினால் ஓரிரு டிகிரி இறங்கக்கூடும், பால் உறையாது. வெடியுப்பு வேறு ஜாதி. தண்ணீரில் கரையும்போதே அது நன்றாகக் குளிர்விக்கும். அக்பர் காலத்தில் குடிநீரைக் குளிரவைக்க வெடியுப்பைப் பயன்படுத்தியதை அபுல் ஃபசல் எழுதிவைத்திருக்கிறார். நவச்சாரமும் இந்த வகைதான். 1724-இல் ஃபாரன்ஹீட் தன் வெப்பமானிக்கு 0 என்று குறித்தது ஐஸ், தண்ணீர், நவச்சாரம் மூன்றும் சேர்ந்த கலவையின் குளிர்ச்சியை. செல்சியஸில் அது ஏறத்தாழ மைனஸ் 18. அமெரிக்கக் குறிப்புகளில் '32 டிகிரிக்குக் கீழே' என்று வருவதெல்லாம் இவருடைய அளவில்தான். அதை மாற்றாமல் அப்படியே தமிழில் எழுதினால், 32 டிகிரியில் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நம் பிள்ளை ஏன் இன்னும் உறையவில்லை என்று கேட்கும்!

சாலையில் தூவும் உப்புக்குப் பதிலாக நமக்கு உதாரணம் வேண்டுமே என்றால், அது கடலோர ஊர்களில் இருக்கிறது. மீன்பிடித் துறைமுகங்களுக்குப் பெரிய பாளம் பாளமாக ஐஸ் போகிறதே, அது செய்யப்படும் பழைய முறைத் தொழிற்சாலையில் உப்புநீர் நிரம்பிய பெரிய தொட்டி இருக்கும். அம்மோனியா ஓடும் குழாய்கள் அந்த உப்புநீரை 0-க்குப் பல டிகிரி கீழே கொண்டுபோகும். தொட்டிக்குள் வரிசையாக இறக்கிய தகர அச்சுகளில் நல்ல தண்ணீர். அச்சிலுள்ள தண்ணீர் பாளமாக உறையும், சுற்றியுள்ள உப்புநீர் உறையாமல் ஓடிக்கொண்டே இருக்கும். தூக்கும் வாளியும் செய்வதை அங்கே டன் கணக்கில் செய்கிறார்கள். குல்பி விற்பவரின் பானைக்குள்ளும் அச்சுகளைச் சுற்றி ஐஸும் உப்பும்தான். சென்னைப் பிள்ளைகளுக்கு இன்னொன்றும் சொல்லலாம். மெரினாவில் இன்று விவேகானந்தர் இல்லம் என்று நிற்கும் கட்டடம், 1842-இல் ஃபிரெடெரிக் டியூடர் என்ற அமெரிக்க வணிகர் கப்பலில் கொண்டுவந்த ஐஸைச் சேமித்துவைக்கக் கட்டிய 'ஐஸ் ஹவுஸ்'. அமெரிக்காவின் உறைந்த ஏரிகளில் அறுத்தெடுத்த ஐஸ் அது.

மூலக் குறிப்புகளில் எனக்குப் பெரிய குறையாகப் படுவது ஒன்று உண்டு. உப்பு போட்டுச் செய் என்கிறார்கள், போடாமலும் செய்து பார் என்று பல குறிப்புகள் சொல்வதில்லை. இரண்டையும் பக்கத்தில் வைக்காமல் உப்பின் வேலை என்ன என்று பிள்ளைக்கு எப்படித் தெரியும்? தமிழில் எழுதும்போது இந்தப் பகுதியைத் துணிந்து சேர்த்துவிடலாம். இதற்குப் பாலும் வேண்டாம், தூக்கும் வேண்டாம். ஒரே அளவுள்ள இரண்டு எவர்சில்வர் டம்ளர்களில் ஈர ஐஸை நிரப்பி, ஒன்றில் மட்டும் மூன்று மேசைக்கரண்டி உப்பு போட்டுக் கிளறி, வெளிப்பக்கத்தைத் துடைத்துவிட்டு வைக்க வேண்டும். உப்பில்லாத டம்ளரின் வெளியே முத்து முத்தாகத் தண்ணீர் கோர்த்து வழியும். உப்பு போட்டதன் வெளியே முதலில் மங்கலான படலம் வரும், பிறகு அடியிலிருந்து வெள்ளையாக மாவு பூசியதுபோலப் படியும். நகத்தால் கீறினால் கோடு விழும். அது காற்றிலுள்ள ஈரம் உறைந்து படிந்த வெண்பனி. டம்ளரின் சுவர் 0-க்குக் கீழே போகாமல் அது உண்டாகாது. இந்த ஒரு காட்சியே வெப்பமானியின் வேலையைச் செய்துவிடும்.

வெப்பமானியே வேண்டும் என்றால் எச்சரிக்கை தேவை. காய்ச்சல் பார்க்கும் கருவி இந்த வெப்பநிலைகளைக் காட்டாது. பள்ளி ஆய்வகத்தில் பொதுவாக இருப்பது மைனஸ் 10-இலிருந்து 110 வரை காட்டும் வெப்பமானி. நல்ல உப்புக் கலவையில் வைத்தால் அதன் திரவம் அளவுக்கோடுகளுக்குக் கீழே இறங்கி மறைந்துவிடலாம். கருவி கெட்டுவிட்டது என்று ஆசிரியர் நினைக்கத் தேவையில்லை.

பால் உறையவே இல்லை என்று யாராவது சொன்னால், முதலில் வாளிக்குள் பார்க்கச் சொல்லுங்கள். உப்புப் பரல்கள் காய்ந்து அப்படியே கிடக்கின்றனவா? அப்படியானால் ஐஸ் ஃப்ரீசரிலிருந்து நேராக வந்த காய்ந்த ஐஸ், கரைவதற்கு ஈரம் இல்லை. இரண்டு கரண்டித் தண்ணீர் தெளித்தால் வேலை தொடங்கிவிடும். ஐஸ் எல்லாம் உருகி வாளி முழுக்க உப்புநீராகிவிட்டதா? அப்படியானால் குளிர்ச்சிக்கு ஆதாரம் தீர்ந்தது, உப்புநீரைப் பாதி இறைத்துவிட்டு ஐஸ் சேர்க்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் சர்க்கரையைக் கேளுங்கள். இனிப்பு ஆசையில் கூடுதலாகப் போட்டிருப்பார்கள். உறைந்தது, ஆனால் பல்லில் நறநறக்கிறது என்றால் சுரண்டிக் கலக்கவில்லை. சும்மா விட்டால் ஐஸ் பரல்கள் பெரிதாக வளரும். அடிக்கடி வழித்தால் வளர விடாமல் உடைந்துகொண்டே இருக்கும், கிரீமின் கொழுப்பும் இடையில் புகுந்து அவற்றைச் சேரவிடாது.

விளக்கத்தை எந்த வயதுக்கு எவ்வளவு சொல்வது என்பதில் என் முடிவு இது. எட்டு வயதுப் பிள்ளைக்கு, ஐஸ் உருக வெப்பம் வேண்டும், அதைப் பாலிடமிருந்து எடுத்துக்கொள்கிறது என்பது போதும், அதுவே முழு உண்மைதான். பன்னிரண்டு வயதுக்குப் பந்திக் கணக்கைச் சொல்லலாம். மூலக்கூறுகள் அப்படி எளிமையாக நடந்துகொள்வதில்லை, மேல் வகுப்பில் இதை வேறு மொழியில் படிப்பார்கள். ஆனால் பந்திப் படத்தால் பிள்ளை எதிர்பார்ப்பதும் வாளியில் நடப்பதும் ஒன்றாகவே இருக்கும். உறைநிலை என்ற சொல்லை அதற்குப் பிறகு சொல்லிக்கொடுத்தால் அது தானாக ஒட்டிக்கொள்ளும்.

சோதனை முடிந்ததும் வாளியிலுள்ள உப்புநீரைத் தொட்டிச் செடிக்கு ஊற்றிவிடாதீர்கள், செடி வாடிப்போகும். அகலமான தட்டில் ஊற்றி மொட்டை மாடியில் இரண்டு மூன்று நாள் வெயிலில் வைத்தால் உப்பு மறுபடி பரலாகப் படியும். சமையலுக்கு வேண்டாம், அடுத்த முறை ஐஸ்கிரீம் செய்ய வைத்துக்கொள்ளுங்கள்.